“ஒரு ஆறு மாசம் லீவு வேணும் சார்”

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வைத்துத்தான் இன்றைய பேச்சு முழுவதும் நகரப்போகிறது. அவர் இந்த உரைக்காகக் கற்பனை செய்யப்பட்டவர். ஆனால் அவர் கையில் இருக்கும் செல்போனும், அதில் அவர் தன் மேனேஜருக்குத் தட்டி அனுப்பிய செய்தியும் எந்த அலுவலகத்துக்கும் அந்நியமானவை அல்ல. முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் அந்தப் பெண் 2026 மே மாதத்தில் ஒரு நாள் மாலை இப்படி எழுதுகிறார்:

“சார், குட் ஈவ்னிங். ஒரு குட் நியூஸ் சார். எனக்கு ஆகஸ்ட்ல டெலிவரிக்கு டேட் குடுத்திருக்காங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள வளைகாப்பு வெச்சிருக்காங்க, அது முடிஞ்சதும் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். ஒரு ஆறு மாசம் லீவு வேணும் சார். முடிஞ்சா அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க சார். அவசரம்னா வீட்ல இருந்தே கொஞ்சம் வேலை பாத்துக் குடுக்கறேன். என் ஆர்டர் எல்லாம் அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். சம்பளம் பத்தியும் கொஞ்சம் பேசணும் சார். தேங்க்ஸ் சார்.”

மேனேஜர் நல்லவர். கட்டைவிரலை உயர்த்திய ஒரு படம், “வாழ்த்துகள்மா, பாத்துக்கலாம்” என்று ஒரு வரி. அத்துடன் அன்றைய உரையாடல் முடிந்துவிடுகிறது. இரண்டு பேருக்குமே வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு. உண்மையில் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு மனிதவளப் பிரிவில் இருப்பவரால் ஒரு கட்டத்தைக்கூட நிரப்ப முடியாது. என்றைக்கு விடுப்பு தொடங்குகிறது? தெரியாது. என்றைக்கு முடிகிறது? தெரியாது. எத்தனையாவது குழந்தை? சொல்லவில்லை. சம்பளம் யார் கணக்குக்கு, எப்படி? “பேசணும்” என்பதோடு நின்றுவிட்டது.

சாட்டில் அனுப்பியதால் உரிமை போய்விடுமோ என்று யாரும் பதற வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், பெண் எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும் என்று கேட்டது. அறிவிப்பு தரத் தவறினாலும் பலனை மறுக்கக்கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 வந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 26 வாரக் கணக்கு அதிலும் அப்படியே தொடர்கிறது. ஆக, செய்தி செல்லாது என்பதல்ல சிக்கல். ஆறு மாதம் கழித்து மேனேஜர் வேறு கம்பெனிக்கு மாறிப் போயிருப்பார், போன் மாறியிருக்கும், “நாங்க அஞ்சு மாசம்னு நினைச்சோம்” என்று கணக்குப் பிரிவில் ஒருவர் சொல்வார். அப்போது எடுத்துக்காட்ட ஒரு தாள் வேண்டும்.

தாளுக்குப் போகுமுன் அந்தச் செய்தியை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு சாதாரணச் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு விஷயம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

“ஆகஸ்ட்ல டெலிவரி.” ஆகஸ்ட் முதல் தேதியும் ஆகஸ்ட்தான், முப்பத்தொன்றும் ஆகஸ்ட்தான். வீட்டில் பாட்டி பத்து மாதம் என்று எண்ணுவார். மருத்துவர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் எண்ணுவார். இந்தப் பெண்ணுக்கு அந்த நாள் 2025 நவம்பர் 7. அதிலிருந்து 280-வது நாள் 2026 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஓரிரு நாள் தள்ளியும் ஒரு தேதி தந்திருக்கலாம். விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்ற குழப்பம் பலருக்கும் வருகிறது. மருத்துவர் கையெழுத்திட்டுத் தரும் சான்றில் எந்தத் தேதி இருக்கிறதோ அதுவே விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் தாள் திரும்பி வரும்.

இந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், மொத்தக் கணக்கும் இதிலிருந்துதான் பின்னோக்கியும் முன்னோக்கியும் ஓடுகிறது. பிரசவ நாளுக்கு முன் எட்டு வாரத்துக்கு மேல் விடுப்பை எடுக்க முடியாது. ஆகஸ்ட் 14-லிருந்து 56 நாள் பின்னால் போனால் ஜூன் 19. அதற்கு முன் தொடங்கினால் அது மகப்பேறு விடுப்பு ஆகாது. வேறு விடுப்பில்தான் சேர்க்க வேண்டும். பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தத் தேதியைப் பிடித்துத்தான் நிற்கிறது.

“ஆடி பொறக்கறதுக்குள்ள வளைகாப்பு, அது முடிஞ்சதும்.” வீட்டுக்காரர்களுக்கு இது துல்லியமான தகவல். ஆடியில் யாரும் வளைகாப்பு வைக்கமாட்டார்கள், 2026-இல் ஆடி ஜூலை 17-இல் பிறக்கிறது, ஆகவே வளைகாப்பு அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பெண்ணுக்கு ஜூலை 12. ஆனால் மேனேஜர் அதிலிருந்து எதைப் புரிந்துகொள்வார்? திங்கட்கிழமையே வரமாட்டாரா, அந்த வாரம் வருவாரா? பெண்ணிடம் உட்கார்ந்து கேட்டால், சாம்பிள் அனுப்ப வேண்டிய வேலை இருப்பதால் அந்த வாரம் முழுக்க வருவதாகவும், ஜூலை 18 சனிக்கிழமையோடு கிளம்புவதாகவும் சொல்கிறார். அப்படியென்றால் விடுப்பு தொடங்கும் நாள் ஜூலை 20, திங்கள். விண்ணப்பத்துக்கு இது போதும். வளைகாப்பு அதில் வர வேண்டிய அவசியமே இல்லை. அழைப்பிதழில் வந்தால் போதும்.

இப்போது “ஒரு ஆறு மாசம்.” பேச்சில் அழகாகத்தான் இருக்கிறது. சட்டம் மாதத்தைப் பேசவில்லை, வாரத்தைப் பேசுகிறது: 26 வாரம், அதாவது 182 நாள். ஜூலை 20-லிருந்து எண்ணினால் ஜூலையில் 12, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 30, அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 31, ஆக 165. மீதி 17 நாள் ஜனவரியில். கடைசி நாள் 2027 ஜனவரி 17, ஞாயிறு. ஆறு மாதம் என்று வைத்தால் ஜனவரி 19 வரை போகும், இரண்டு நாள் கூடுதல். அந்த இரண்டு நாளும் சம்பளம் இல்லாத விடுப்பாகப் பதிவாகிவிடும். பிப்ரவரி உள்ளே வரும் கணக்கில் தலைகீழாகவும் நடக்கும். செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 28 வரை முழு ஆறு மாதம்தான், ஆனால் 181 நாள். அங்கே பெண்ணுக்கு ஒரு நாள் குறைகிறது.

இந்த வாரக் கணக்கு சாதாரணமாகக் கிடைத்துவிடவில்லை. மவுண்ட் ஸ்டுவர்ட் எஸ்டேட் என்ற தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தொழிலாளிக்கு 1967 டிசம்பர் 16-இல் குழந்தை பிறந்தது. அவர் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துத்தான் விடுப்பில் போயிருந்தார். அன்றைய சட்டப்படி 12 வாரம். 84 நாளுக்குப் பணம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். தோட்ட நிர்வாகம் 72 நாளுக்குத்தான் கொடுத்தது. விட்டுப்போன 12 நாளும் ஞாயிற்றுக்கிழமைகள், கூலி இல்லாத விடுமுறை நாட்கள் என்றது நிர்வாகம். வழக்கு கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர்நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1977-இல் உச்ச நீதிமன்றம், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்று தீர்ப்பளித்தது. பன்னிரண்டு நாள் கூலிக்காகப் பத்தாண்டு! இன்றைக்கு விண்ணப்பத்தில் “26 வாரம் (182 நாள்)” என்று அடைப்புக்குறிக்குள் நாளையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் அந்த வழக்குதான். நாள் எண்ணிக்கையை எழுதிவிட்டால் ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதையும் யாரும் கழிக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது.

“முடிஞ்சா அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க சார்.” மரியாதைக்காகச் சொல்லப்பட்ட வார்த்தைதான். ஆனால் அட்ஜஸ்ட் செய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்பதும் இதுவும் ஒன்றல்ல. ஷிப்மென்ட் நெருக்கடி என்று இதைத் தள்ளிவைக்க மேனேஜருக்கு அதிகாரம் கிடையாது. அதற்காக “இன்ன பிரிவின்படி எனது சட்டபூர்வ உரிமையை வலியுறுத்துகிறேன்” என்று வக்கீல் நோட்டீஸ் பாணியில் இறங்குவதும் வேண்டாத வேலை. சண்டை வராத இடத்தில் கையில் கம்போடு போய் நிற்பதில் என்ன லாபம்? பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த விடுப்புக் கடிதத்தின் நினைவில் சிலர் மறுகோடிக்குப் போவார்கள்: “தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில், தாங்கள் பெரிய மனது வைத்துக் கருணை கூர்ந்து…” என்று. அதில் தேதியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் படிப்பவருக்கு அலுத்துப் போகும். “விடுப்பில் இருக்க விண்ணப்பிக்கிறேன்” என்ற ஒரே வரியில் மரியாதையும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது.

செய்தியில் உண்மையிலேயே ஆபத்தான வரி அடுத்தது. “அவசரம்னா வீட்ல இருந்தே கொஞ்சம் வேலை பாத்துக் குடுக்கறேன்.” நல்லெண்ணத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் பிரசவம் முடிந்த ஆறு வாரத்துக்குள் ஒரு பெண்ணைத் தெரிந்தே வேலை வாங்குவதைச் சட்டம் தடை செய்கிறது. அந்தப் பெண்ணும் வேலை செய்யக்கூடாது. அதோடு, விடுப்பு அனுமதிக்கப்பட்ட காலத்தில் ஏதாவது நிறுவனத்தில் வேலை பார்த்தால், வேலை பார்த்த அந்தக் காலத்துக்கான பலனை இழக்க நேரிடும் என்றும் இருக்கிறது. பையருக்கு ஒரு மெயில்தானே, ஒரு அப்ரூவல்தானே என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்பது மெர்ச்சண்டைசர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாடு சட்டத்தில் உண்டு. ஆனால் அது விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்வது. அதைக் கேட்க விரும்பினால் ஜனவரிக்கு அருகில் தனிக் கடிதமாகக் கேட்கலாம். இந்த விண்ணப்பத்தில் அந்த வாக்கியம் இருக்கவே கூடாது.

“அக்காகிட்ட சொல்லிட்டுப் போவேன்” என்பதையும் சற்று மாற்ற வேண்டும். எந்த அக்கா? பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் மேனேஜர். விண்ணப்பதாரர் தரவேண்டியது பட்டியல் மட்டும்தான்: எந்த ஆர்டர், எந்த நிலையில் நிற்கிறது, அடுத்த தேதி எது. அதையும் தனித் தாளில் தருவது நல்லது. விடுப்பு கிடைப்பதும் ஒப்படைப்பு முடிவதும் ஒன்றுக்கொன்று நிபந்தனை என்ற தோற்றம் ஒரே தாளில் வந்துவிடக்கூடாது.

சம்பளம் என்று வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்பது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு மகப்பேறு காலப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகம்தான் தருகிறது, அதற்கான கோரிக்கை தனியே அங்கே போகவேண்டும், நிறுவனத்துக்குத் தரும் விண்ணப்பம் விடுப்புக்கு மட்டும். தையல் பிரிவிலும் செக்கிங்கிலும் இருக்கும் பெண்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருவார்கள். நம் மெர்ச்சண்டைசரின் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியது. ஆகவே பணம் தரவேண்டியது நிறுவனம். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்து நாள் கூலி கணக்கிடப்படும். பிரசவத்துக்கு முந்தைய பகுதியை, கர்ப்பத்துக்கான சான்றைப் பெற்றுக்கொண்டு முன்பணமாகத் தரவேண்டும். பிந்தைய பகுதியை, குழந்தை பிறந்ததற்கான சான்று கிடைத்த 48 மணி நேரத்துக்குள் தரவேண்டும். பல நிறுவனங்கள் வழக்கம்போல மாதாமாதம் சம்பளத் தேதியில் போட்டுவிடுகின்றன. அதைப் பெண்களும் ஏற்றுக்கொள்கிறார்கள், அதில் பெரிய தகராறு இல்லை. தகராறு வருவது, பணத்தை யாரிடம் தருவது என்று எழுதாமல் விட்ட இடங்களில். தன் கணக்கிலா, தான் நியமிக்கும் ஒருவரிடமா என்பதையும், அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யப்போவதில்லை என்பதையும் அறிவிப்பிலேயே சொல்லும்படி சட்டம் கேட்கிறது. சாட் செய்தியில் இந்த இரண்டும் சுத்தமாக இல்லை.

இல்லாத இன்னொன்று, இது எத்தனையாவது குழந்தை என்பது. ஏற்கெனவே இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் இருந்தால் விடுப்பு 12 வாரமாகக் குறைகிறது. அதில் பிரசவத்துக்கு முன் ஆறு வாரம் வரைதான். முதல் குழந்தை என்று ஒரு வரி எழுதிவிட்டால் மனிதவளப் பிரிவிலிருந்து போன் வராது. மற்றபடி உடம்பைப் பற்றி அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம். சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, சிகிச்சைக்குப் பின் உண்டான கரு என்பதெல்லாம் மேனேஜரின் மேஜையில் கிடக்க வேண்டிய சங்கதிகள் அல்ல. முழு ஸ்கேன் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள் பலர். பிரசவத் தேதி குறித்த ஒரு பக்கச் சான்று போதும்.

இத்தனையும் சலித்தெடுத்தபின் கிடைக்கும் விண்ணப்பம் இது:

அனுப்புநர்: (பெயர்), மெர்ச்சண்டைசர், (ஊழியர் எண்)
பெறுநர்: மேலாளர், மெர்ச்சண்டைசிங் பிரிவு
நகல்: மனிதவளப் பிரிவு
நாள்: 11.05.2026

பொருள்: 20.07.2026 முதல் 17.01.2027 வரை மகப்பேறு விடுப்பு கோருதல்

ஐயா,

நான் 02.01.2023 முதல் நம் நிறுவனத்தில் பணிபுரிந்து வருகிறேன். தற்போது கருவுற்றிருக்கிறேன். மருத்துவர் குறித்துள்ள பிரசவ நாள் 14.08.2026. இது எனது முதல் குழந்தை. மருத்துவச் சான்றை இணைத்துள்ளேன்.

20.07.2026 முதல் 17.01.2027 வரை 26 வாரங்கள் (182 நாட்கள்) மகப்பேறு விடுப்பில் இருக்க விண்ணப்பிக்கிறேன். விடுப்புக்கு முன் எனது கடைசி வேலை நாள் 18.07.2026. 18.01.2027 திங்கட்கிழமை பணிக்குத் திரும்புவேன். 20.07.2026-க்கு முன்பே பிரசவம் ஆகிவிட்டால், பிரசவ நாளிலிருந்தே 182 நாட்களைக் கணக்கிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விடுப்புக் காலத்துக்கு உரிய தொகையை எனது சம்பள வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் பெற்றுக்கொள்ள இயலாத நிலை ஏற்பட்டால் அதைப் பெற என் கணவர் (பெயர்) அவர்களை நியமிக்கிறேன். இந்தக் காலத்தில் வேறு எந்த நிறுவனத்திலும் வேலை செய்யமாட்டேன் என உறுதி கூறுகிறேன்.

என் பொறுப்பில் உள்ள ஆர்டர்களின் விவரப் பட்டியலைத் தனியே 10.07.2026-க்குள் தங்களிடம் அளிப்பேன். விடுப்பின்போது எனது முகவரி: (தாய் வீட்டு முகவரி, தொலைபேசி எண்).

விடுப்பு அனுமதியை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
இணைப்பு: மருத்துவச் சான்று

“பொருள்” வரியிலேயே இரண்டு தேதியும் வந்துவிட்டதைக் கவனிக்கலாம். நாளுக்கு நாற்பது மெயில் பார்க்கும் மேனேஜர் அந்த வரியைத்தான் முதலில் படிப்பார், சில நாள் அதை மட்டும்தான் படிப்பார். தாய் வீட்டு முகவரியும் அலங்காரத்துக்கு அல்ல. தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்ட பெண்ணுக்கு நிறுவனத்தின் கடிதம் பழைய வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, பூட்டிய கதவடியில் கிடந்து, பதில் வரவில்லை என்று கோப்பில் குறிப்பு ஏறிய கதைகள் உண்டு.

முன்பே பிரசவம் ஆனால் என்ற வாக்கியத்தைச் சிலர் அபசகுனமாக நினைத்து விட்டுவிடுவார்கள். வைத்துக்கொள்வது நல்லது. ஜூலை 10, வெள்ளிக்கிழமையன்றே குழந்தை பிறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து 182 நாள் எண்ணினால் 2027 ஜனவரி 7 வரும். எட்டாம் தேதி வேலைக்கு வரவேண்டும். அந்த வாக்கியம் இல்லாவிட்டால், ஜூலை 10 முதல் 19 வரை தற்செயல் விடுப்பா, சம்பளமில்லா விடுப்பா என்று பத்து நாளுக்கு ஒரு விவாதம் நடக்கும். பதில் சொல்ல வேண்டியவரோ கையில் பச்சைக் குழந்தையோடு இருப்பார். பிரசவத்தால் உடல்நலம் கெட்டு மேலும் ஓய்வு தேவைப்பட்டால் கூடுதலாக ஒரு மாதம் வரை கேட்க வழி இருக்கிறது. அதற்கு வேறு மருத்துவச் சான்று, வேறு கடிதம்.

இந்தத் தாளைக் கொடுக்கும் முறையிலும் கொஞ்சம் கவனம் தேவை. மெயிலில் பிடிஎஃப் ஆக இணைத்து, மேனேஜருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் சேர்த்தே அனுப்பலாம்; நிறுவன மெயிலோடு சொந்த மெயில் முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும், ஏனென்றால் விடுப்பில் போனதும் நிறுவன மெயிலை முடக்கிவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கையில் கொடுப்பதானால் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் சாட்டில் மேனேஜருக்கு ஒரு வரி போட்டால் உறவும் கெடாது: “சார், லீவு லெட்டர் மெயில்ல அனுப்பியிருக்கேன், எச்.ஆர்.க்கும் போட்டிருக்கேன், பாத்துட்டு ரிப்ளை பண்ணுங்க சார்.”

பிறகு ஆகஸ்டில், குழந்தை பிறந்ததும், இன்னொரு சிறு மெயில் போகவேண்டும். அதை எழுதும் தெம்பு பெண்ணுக்கு அப்போது இருக்காது. கணவரோ தங்கையோ அனுப்பும்படி முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைத்துவிடலாம்: “எனது 11.05.2026 விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக, (தேதி) அன்று எனக்குக் குழந்தை பிறந்தது. மருத்துவமனை தந்த சான்றை இணைத்துள்ளேன்.” தேதிக்கான இடம் மட்டும் காலியாக இருக்கட்டும். அந்த மெயில் போய்ச் சேர்ந்த நேரத்திலிருந்துதான் 48 மணி நேரக் கணக்கு ஓடத் தொடங்கும்.